அடர் பழுப்புச் சருமத்துக்கு எந்த லிப்ஸ்டிக்? நியூட், செங்கல், நாவல், பிங்க் நேருக்கு நேர்

ஒரே ஒரு லிப்ஸ்டிக்தான் வாங்கப்போகிறீர்கள் என்றால், லேசாகப் பளபளக்கும் சாட்டின் ஃபினிஷில் செங்கல் சிவப்பு வாங்குங்கள். இரண்டு வாங்கலாம் என்றால் இரண்டாவது நாவல்பழ நிறமோ ஒயின் நிறமோ இருக்கட்டும். நியூட் மூன்றாவது இடம்தான். அதிலும் சரியான நியூட் கிடைத்தால் மட்டுமே. பிங்க் கடைசி. ஆனால் பிங்க் குடும்பத்தில் ஒரு கிளை மட்டும் இதற்கு விதிவிலக்கு.

முடிவை முதலிலேயே சொல்லிவிட்டோம். காரணம் தெரியாமல் இந்த வரிசையை வைத்துக்கொண்டு கடைக்குப் போனால் உதவாது. ஷேடின் பெயரை நம்ப முடியாது. ஒரு நிறுவனத்தின் ‘கேரமல்’ இன்னொன்றின் ‘மோக்கா’வைவிட இரண்டு படி வெளிர்ந்திருக்கும். நிறக் குடும்பம் சரியாக இருந்தும் அதற்குள் கலந்திருக்கும் வெள்ளை காரியத்தைக் கெடுத்துவிடும். அதனால் முதலில் அந்த வெள்ளையைப் பார்த்துவிடலாம்.

சாம்பல் எங்கிருந்து வருகிறது

லிப்ஸ்டிக்கில் நிறத்தை வெளிர்க்கவும், அடியிலுள்ளது தெரியாமல் மூடவும் டைட்டானியம் டைஆக்ஸைடு என்ற வெள்ளை நிறமி சேர்க்கிறார்கள். உறையில் சி.ஐ. 77891 என்று போட்டிருக்கும். வெளிர் பிங்க் என்பது சிவப்பு நிறமியும் இந்த வெள்ளையும்தான். பீச், பால் கலந்த காபி, லாவெண்டர் எல்லாமே இப்படித்தான்.

ஓவியர்களுக்கு இது நன்றாகத் தெரியும்: கருத்த பரப்பின் மேல் மெல்லிய வெள்ளையைத் தேய்த்தால் அது வெள்ளையாகத் தெரியாது, நீலம் கலந்த சாம்பலாகத் தெரியும். வெள்ளை நிறமியின் நுண்துகள்கள் நீல ஒளியைச் சற்று அதிகமாகச் சிதறடிக்கும். மற்ற ஒளி ஊடுருவிப் போய் அடியிலுள்ள கருமையில் தங்கிவிடும். வெளுத்த சருமத்தில் அதே பூச்சு இப்படி நடந்துகொள்வதில்லை. அடியிலிருந்தே நிறைய ஒளி திரும்பி வருவதால் சாம்பல் தெரிவதற்கு வழியில்லை. அடர் பழுப்பில் மெலனின் பெரும்பகுதி ஒளியை, குறிப்பாக நீலப் பக்கத்தை, உறிஞ்சிவிடுவதால் சருமத்திலிருந்து வருவது செம்பழுப்பு ஒளி. அதற்குப் பக்கத்தில் நீலச்சாம்பல் படலம் ஒன்று வந்தால், மாவு தொட்ட கையால் உதட்டைத் துடைத்ததுபோல் இருக்கும்.

‘குத்துகிறது’ என்று சொல்வது வேறு கோளாறு. அங்கே நிறம் பலமாக இருக்கும், கூடவே வெள்ளையும் இருக்கும், ஓரமும் கத்தரித்ததுபோல் இருக்கும். நியான் பிங்க் இதற்கு நல்ல உதாரணம். முகத்துக்கு முன்னால் உதடு தனியாக வந்து நிற்கும். ‘வெளிறிப்போவது’ மூன்றாவது வகை. லிப்ஸ்டிக் சருமத்தின் அதே அளவு அடர்த்தி, அதே பழுப்பு, சிவப்பு கொஞ்சமும் இல்லை. அப்போது உதடே காணாமல் போய், முகம் நோயிலிருந்து எழுந்ததுபோல் தெரியும். மூன்றும் வேறு வேறு கோளாறு என்பதால் மருந்தும் வேறு வேறு. சாம்பலுக்கு வெள்ளையைக் குறைக்க வேண்டும், குத்தலுக்கு ஓரத்தையும் பளபளப்பையும் சரிசெய்ய வேண்டும், வெளிறலுக்குச் சிவப்பைக் கூட்ட வேண்டும்.

உங்கள் உதடும் இந்தக் கணக்கில் உண்டு

அடர் பழுப்பு முகங்களில் உதடு பெரும்பாலும் ஒரே நிறத்தில் இருப்பதில்லை. மேலுதடு அடர்ந்த பழுப்பு, கீழுதட்டின் நடுவில் ரோஜா நிறம், இரண்டையும் சுற்றி இன்னும் கருத்த ஓரக்கோடு. இதன்மேல் மெல்லியதாக எந்த லிப்ஸ்டிக்கைத் தடவினாலும் மேலே ஒரு நிறமும் கீழே ஒரு நிறமுமாகத்தான் தெரியும். அதைச் சமன்செய்ய உதட்டின்மேல் கன்சீலரோ ஃபவுண்டேஷனோ தடவும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அடர் நிறத்துக்கு இதைவிடக் கெடுதலான அடித்தளம் கிடையாது. கன்சீலரிலும் அதே வெள்ளை நிறமிதான். மேலே வரும் லிப்ஸ்டிக் அதோடு குழைந்து, நல்ல ஷேடுகூடச் சாம்பலாகிவிடும்.

எதிர்ப்பக்கமாகப் போங்கள். கருத்ததை வெளுக்க வேண்டாம், ரோஜா நிறத்தை அடர்த்தியாக்குங்கள். சிவப்பு கலந்த பழுப்பு லிப் லைனரால் கீழுதட்டின் நடுப்பகுதியை லேசாக நிரப்பி விரலால் ஒற்றிவிட்டால், இரண்டு உதடும் கிட்டத்தட்ட ஒரே அடர்த்திக்கு வந்துவிடும். இதற்கு லைனரின் கூர்முனை தேவையில்லை, முனையைச் சாய்த்துப் பக்கவாட்டில் தேய்த்தால் போதும். லைனரின் அடர்த்தி உங்கள் ஓரக்கோட்டின் அடர்த்தியோ, அதற்கு ஒரு படி கூடுதலோ இருக்கலாம். வெளிர்ந்த லைனரை மட்டும் தொடாதீர்கள். அது உதட்டைச் சுற்றி ஒரு சாம்பல் வளையத்தை வரைந்துவிடும்.

சருமத்தின் அடியில் ஓடும் சாயலான அண்டர்டோன் பற்றி ஒரு வார்த்தை. மணிக்கட்டு நரம்பு பச்சையா நீலமா என்று பார்க்கச் சொல்லும் சோதனை அடர் சருமத்துக்கு அவ்வளவாகப் பயன்படாது; பலருக்கு நரம்பே சரியாகத் தெரியாது. ஜன்னல் வெளிச்சத்தில் தாடையோரத்தையும் கழுத்தையும் பாருங்கள். மஞ்சள் பொன் சாயல் தெரிகிறதா, செம்புச் சாயலா, அல்லது நீலமோ கருஞ்சிவப்போ ஓடுகிறதா என்று தெரிந்தால் போதும். லிப்ஸ்டிக் தேர்வில் அண்டர்டோன் இரண்டாம் நிலை விஷயம்தான். அடர்த்தியைத் தவறவிட்டால் அண்டர்டோன் பொருந்தியும் பயனில்லை. அடர்த்தி சரியாக அமைந்தால் அண்டர்டோன் சற்றுத் தள்ளி இருந்தாலும் உறுத்தாது.

நியூட்: எல்லோரும் கேட்பது, அதிகம் தவறுவது

‘நியூட்’ என்று எழுதி விற்கப்படுவதில் பெரும்பகுதி மாநிறத்துக்கும் அதற்கு வெளுத்த நிறங்களுக்கும் ஏற்றவை. அடர் பழுப்புக்கு நியூட் என்றால் பழுப்பு கலந்த ரோஜா, செம்பழுப்பு, சாக்லேட், இலவங்கப்பட்டை நிறம் இவைதான். இங்கே ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் போதும்: வாய்க்கு அருகிலுள்ள சருமத்தைவிட லிப்ஸ்டிக் வெளிர்ந்திருக்கக் கூடாது. சமமாகவோ, ஒன்றிரண்டு படி அடர்ந்தோ இருக்கலாம். சமமாக இருந்தால் அதில் கண்டிப்பாகச் சிவப்பு தெரிய வேண்டும். இல்லாவிட்டால் முன்னே சொன்னபடி உதடு மறைந்துவிடும்.

இதைக் கண்ணால் மதிப்பிடுவது கடினம். நிறம் கண்ணை ஏமாற்றும். போன் கேமராவில் ஓர் எளிய வழி இருக்கிறது. லிப்ஸ்டிக் போட்டுக்கொண்டு, ஜன்னலுக்கு எதிரே நின்று, ஃப்ளாஷ் இல்லாமல் ஒரு படம் எடுங்கள். அதைக் கருப்பு வெள்ளையாக மாற்றுங்கள். உதடு தாடையைவிட வெளிச்சமாகத் தெரிந்தால் அந்த நியூட் உங்களுக்கு ஆகாது. சமமாகவோ சற்றுக் கருத்தோ தெரிந்தால் வைத்துக்கொள்ளலாம். ஆனால் இந்தச் சோதனை பழுப்பு, நியூட் வகைகளுக்கு மட்டுமே. பளிச்சென்ற சிவப்பையும் பிங்க்கையும் ஒவ்வொரு போனும் ஒவ்வொரு விதமாகக் கருப்பு வெள்ளையாக்கும், அங்கே முடிவை நம்ப முடியாது.

நியூட்டில் இன்னொரு பொறி, ‘டோப்’ என்றும் ‘மவ்’ என்றும் சொல்கிற சாம்பல் கலந்த பழுப்பும் சாம்பல் கலந்த ஊதாவும். குச்சியில் பார்க்கும்போது போதுமான அடர்த்தி இருக்கும், ஆசையாகவும் இருக்கும். ஆனால் அதன் நிறத்துக்குள்ளேயே சாம்பல் இருப்பதால் செம்பழுப்புச் சருமத்தின் பக்கத்தில் உதடு குளிரில் விறைத்ததுபோல் ஆகும். நீலச் சாயல் ஓடும் மிக அடர்ந்த சருமத்தில் மட்டும், அதுவும் மேலே லிப் கிளாஸோடு, சில மவ் ஷேடுகள் அமையும். மற்றவர்கள் ரோஜாப் பழுப்பில் நின்றுகொள்வதே நல்லது.

செங்கல்: ஏன் முதலிடம்

செங்கல், துரு, டெரகோட்டா, செம்மண் என்று பல பெயரில் வரும் இந்தக் குடும்பத்தின் நிறம் பெரும்பாலும் இரும்பு ஆக்ஸைடு நிறமிகளிலிருந்தும் ஆழ்ந்த சிவப்புச் சாயங்களிலிருந்தும் கிடைக்கிறது. இரும்பு ஆக்ஸைடு இயல்பிலேயே நன்றாக மூடும் தன்மை உள்ளது. அதனால் உதட்டின் இரு நிறத்தை மறைக்க வெள்ளையை அள்ளிப்போட வேண்டிய தேவை இல்லை. சாம்பல் பூப்பதற்கான மூலப்பொருளே குறைவு என்பதுதான் இதன் பெரிய பலம்.

இரண்டாவது பலம் இதன் திசை. அடர் பழுப்புச் சருமத்திலிருந்து வருவதும் செம்பழுப்பு ஒளி, இந்த ஷேடும் அதே பக்கம். அதிலேயே சிவப்பை மட்டும் இரண்டு படி தூக்கிக் காட்டுவதால் உதடு தெரியும், ஆனால் முகத்தைவிட்டுப் பிரியாது. பொன் சாயலுக்கும் செம்புச் சாயலுக்கும் கேள்வியே வேண்டாம். நீலச் சாயலுள்ள சருமத்துக்கு ஆரஞ்சு தூக்கலான டெரகோட்டாவைத் தவிர்த்து, அரக்கின் பக்கம் சாய்ந்த செங்கல் நிறத்தை எடுக்கலாம்.

குறை இல்லாமலில்லை. மஞ்சள் விளக்கின் கீழ் செங்கல் நிறம் மங்கிப் பழுப்பாகத் தெரியும். பகலில் நன்றாக இருந்தது இரவில் உயிரில்லாமல் இருக்கிறது என்று தோன்றினால் ஷேடைக் குறைசொல்ல வேண்டாம், விளக்குதான் காரணம். கீழுதட்டின் நடுவில் மட்டும் நல்ல சிவப்பை விரலால் ஒற்றினால் சரியாகிவிடும். ஆரஞ்சு தூக்கலான வகைகள் பல்லின் மஞ்சளையும் எடுத்துக்காட்டும். பல் விஷயத்தில் கவலை உள்ளவர்கள் நீலச் சிவப்புப் பக்கம் நகர்வது மேல்.

நீலச் சிவப்பு என்றதும் ஒன்று. முழுச் சிவப்பு அடர் நிறத்துக்குப் போடக் கூடாது என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். வெள்ளை குறைந்த, ஆழ்ந்த சிவப்பு அடர் பழுப்பில் மிக நன்றாக அமையும். அதை முதலிடத்தில் வைக்காததற்குக் காரணம் பராமரிப்பு மட்டுமே. ஓரம் ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் தெரியும், பாதி கலைந்தால் செங்கல்போலப் பூசி மெழுக முடியாது.

நாவல், ஒயின், அரக்கு

ஆழம் வேண்டும், ஆனால் கருப்பு வேண்டாம் என்பதுதான் இங்கே குறி. நாவல் நிறத்தை இரண்டு விதமாகச் செய்யலாம். சிவப்போடு நீலச் சாயம் சேர்த்துச் செய்தால் ஒளி ஊடுருவும் நிறம் கிடைக்கும். உதட்டின் கருமை அதற்குத் துணையாக நின்று ஆழத்தைக் கூட்டும். கருப்பு இரும்பு ஆக்ஸைடையும் வெள்ளையையும் சேர்த்துக் கெட்டியாகச் செய்தால் புழுதி படிந்த ஊதாதான் கிடைக்கும். குச்சியில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், தேய்த்தால்தான் வேறுபாடு தெரியும். எப்படித் தேய்ப்பது என்று கீழே சொல்கிறோம்.

நீலச் சாயல் உள்ளவர்களுக்கு இந்தக் குடும்பத்தையே முதலிடத்தில் வைக்கலாம். பொன் சாயல் உள்ளவர்கள் சிவப்பு தூக்கலான ஒயினையும் அரக்கையும் எடுப்பது நல்லது. கத்தரிப்பூ நிறத்துக்குப் போனால் வாயைச் சுற்றியுள்ள சருமம் சற்று மஞ்சளாகவும் களைத்தும் தெரியக்கூடும்.

தொல்லை இரண்டு. மிக அடர்ந்த ஷேடுகள் மெல்லிய உதட்டை இன்னும் சிறிதாக்கிக் காட்டும். அடுத்து, சாப்பிட்டதும் உதட்டின் உள்பக்கம் கலைந்து, ரோஜா வளையம் ஒன்று உள்ளே தெரியும். வெளிர் ஷேடில் கண்ணுக்குப் படாத இந்த வளையம் ஒயின் நிறத்தில் பளிச்சென்று தெரியும். அடியில் லைனரால் உதடு முழுவதையும் நிரப்பிவிட்டு மேலே லிப்ஸ்டிக் போட்டால், மேல் பூச்சு போனாலும் லைனரின் நிறம் அங்கே தாங்கும்.

பிங்க், கோரல்

பேபி பிங்க், பீச், பால் கலந்த கோரல் மூன்றையும் ஒரே வரியில் தள்ளிவிடலாம்: வெள்ளை அதிகம், அடர் பழுப்பில் சாம்பல் உறுதி. மேட் என்றால் இன்னும் மோசம்.

விதிவிலக்கான கிளை என்று முதலில் சொன்னது மெஜந்தாவும் ஃபுஷியாவும். இவற்றில் நிறமே பலம், வெள்ளை குறைவு. இவற்றில் பலவற்றில் உதட்டில் ஊறிப் பிடிக்கும் சாயங்கள் இருக்கும். உறையில் சி.ஐ. 45410 இருந்தால் அது அந்த வகை. மேல் பூச்சு கலைந்த பிறகும் ரோஜாச் சாயல் நிற்கும். ஆபத்து சாம்பலில் அல்ல, குத்தலில். வெயிலில் இவை இன்னும் பளபளக்கும். அரக்கு லைனரால் ஓரத்தை வரைந்து, 3 முதல் 4 மில்லிமீட்டர் உள்நோக்கித் தேய்த்துக் கரைத்துவிட்டு, நடுவில் மட்டும் ஃபுஷியாவை விரலால் ஒற்றினால் குத்தல் அடங்கிவிடும். குச்சியிலிருந்து நேரடியாக இரண்டு பூச்சு போட்டால்தான் தொல்லை.

கோரல் பிடிக்கும் என்பவர்கள் எரிந்த ஆரஞ்சைப் பாருங்கள். அதே மகிழ்ச்சியான நிறம், வெள்ளை மட்டும் இல்லை.

மேட்டா, சாட்டினா

ஒரே நிறமிக் கலவை மேட்டில் ஒரு நிறமாகவும் சாட்டினில் ஒரு நிறமாகவும் தெரியும். மேட் பரப்பு சொரசொரப்பானது. அதில் பட்ட ஒளி எல்லாப் பக்கமும் சிதறி, நிறத்தின் மேல் ஒரு வெள்ளைத் திரையைப் போடும். ஈரம் காய்ந்த கல் வெளிறுவதும் இதனால்தான். எண்ணெய்ப் பசையுள்ள சாட்டின் பரப்பு மென்மையாக இருப்பதால் திரை விலகி நிறம் ஆழமாகத் தெரியும். ஆகவே எல்லைக்கோட்டில் நிற்கும் ஷேடு, அதாவது சாம்பலா இல்லையா என்று சந்தேகப்படும் ஷேடு, சாட்டினில் பிழைக்கும், மேட்டில் தோற்கும்.

மேட்தான் வேண்டும் என்பவர்கள் நினைத்ததைவிட ஒரு படி அடர்ந்த ஷேடை எடுங்கள். உதட்டை முன்கூட்டியே பதப்படுத்துங்கள். உரிந்த தோலில் மேட் போய் உட்கார்ந்தால் வெள்ளைக் கோடுகளாகத் தெரியும், அதையும் ஷேடின் குற்றம் என்று நினைத்துவிடுவார்கள். லிப் பாம் தடவிப் பத்து நிமிடம் விட்டு, டிஷ்யூவால் ஒற்றி எடுத்துவிட்டுப் பிறகு போட வேண்டும். பாமைத் துடைக்காமல் போட்டால் மேட் திட்டுத்திட்டாக ஒட்டும்.

மினுமினுப்பு உள்ளவற்றில் பொன், செம்பு, வெண்கலம் சரி. வெள்ளி மினுமினுப்பு வேண்டாம். நிறம் நன்றாக இருந்தாலும் மேலே சாம்பல் தூவியதுபோல் ஆகும்.

கடையில் சோதிப்பது

உறையைப் படித்து வெள்ளையின் அளவைக் கண்டுபிடிக்க முடியாது. நிறமிகளைப் பட்டியலின் கடைசியில், ‘இருக்கலாம்’ என்ற குறிப்போடு, அந்த வரிசையின் எல்லா ஷேடுகளுக்கும் பொதுவாகப் போட்டிருப்பார்கள். ஒயின் நிறத்தின் உறையிலும் பேபி பிங்கின் உறையிலும் அதே சி.ஐ. 77891 இருக்கும். ஆகவே தேய்த்துத்தான் பார்க்க வேண்டும்.

முன்கையின் உட்பக்கம் வேண்டாம். முகத்தைவிட அது பெரும்பாலும் வெளிர்ந்திருக்கும், அங்கே எல்லாமே நன்றாகத் தெரியும். புறங்கையிலோ தாடையோரத்திலோ ஒரு கோடு போடுங்கள். கோட்டின் ஒரு முனையை விரலால் அழுத்தி இரண்டு சென்டிமீட்டர் இழுத்துத் தேய்த்து, மிக மெல்லியதாக மறையவிடுங்கள். அந்த மறையும் ஓரத்தில்தான் விடை இருக்கிறது. ஓரம் சிவப்பாகவோ பழுப்பாகவோ தெளிவாகக் கரைந்தால் வெள்ளை குறைவு. பால்போல, நீலச்சாம்பலாகக் கலங்கினால் வெள்ளை அதிகம். கெட்டியான பகுதி எவ்வளவு அழகாக இருந்தாலும் வைத்துவிடுங்கள். உதட்டில் எந்தப் பூச்சும் கெட்டியாகவே நாள் முழுக்க இருப்பதில்லை. கலைய ஆரம்பித்ததும் உங்கள் உதடும் அந்த ஓரம்போலத்தான் தெரியும்.

இதைக் கடை விளக்கின் கீழ் முடிவு செய்யாதீர்கள். கோட்டோடு வாசலுக்கு வந்து, நேர் வெயில் படாத பகல் வெளிச்சத்தில் பாருங்கள். இருபது நிமிடம் கழித்து ஒருமுறை பாருங்கள். லிக்விட் லிப்ஸ்டிக்குகள் காயும்போது அடர்த்தி மாறும், ஊறும் சாயமுள்ளவை பிங்க் பக்கம் நகரும். பலர் தொட்ட டெஸ்டரை நேராக உதட்டில் வைக்க வேண்டாம். விரல் நுனியில் தடவிப் பார்க்கலாம்; உள்ளங்கைப் பக்கம் சற்றுச் சிவந்திருப்பதால் கீழுதட்டின் நடுப்பகுதி எப்படித் தெரியும் என்பதற்கு அது ஓரளவு குறிப்பு தரும்.

ஒரு முகத்தை வைத்துப் பார்ப்போம்

சருமம் அடர் பழுப்பு, பொன் சாயல். மேலுதடு கரும்பழுப்பு, கீழுதட்டின் நடு ரோஜா, ஓரக்கோடு தெளிவாகக் கருத்திருக்கிறது. தினமும் அலுவலகத்துக்குப் போட ஒன்று வேண்டும், வேலை முழுவதும் வெள்ளை எல்.இ.டி. விளக்கின் கீழ். கையில் நான்கு இருக்கின்றன: மேட் கேரமல் நியூட், சாட்டின் செங்கல், லிக்விட் மேட் நாவல், சாட்டின் ஃபுஷியா.

கேரமலைப் புறங்கையில் இழுத்ததும் ஓரம் பாலாகிறது. கருப்பு வெள்ளைப் படத்தில் உதடு தாடையைவிட வெளிச்சம். மேலுதட்டில் மட்டும் கூடுதல் சாம்பல், ஏனென்றால் அடியில் கருமை அங்கேதான் அதிகம். கீழுதட்டின் நடுவில் ஏறத்தாழ நன்றாகவே இருக்கிறது. கடைக் கண்ணாடியில் பலர் கீழுதட்டை மட்டும் பார்த்து ஏமாறுவது இதனால்தான். இது வெளியே.

நாவல் தேய்த்தால் தெளிவான ஊதாச் சிவப்பாகக் கரைகிறது. வெள்ளை குறைவு, நல்ல பொருள்தான். ஆனால் குளிர்ந்த வெள்ளை விளக்கு அதன் நீலத்தை எடுத்துக்கொடுக்கும், பொன் சாயல் முகம் அதன் பக்கத்தில் மஞ்சளிக்கும். சாப்பாட்டுக்குப் பிறகு உள்வளையம் தெரியும், கண்ணாடி முன்னால் போய் நிற்க வேண்டும். மாலை நேரத்துக்கு வைத்துக்கொள்ளலாம், தினசரிக்கு இல்லை. ஃபுஷியாவில் சாம்பல் இல்லை, ஆனால் லைனரோடு கரைத்துப் போடும் வேலை காலையில் ஐந்து நிமிடம் கேட்கும். கொஞ்சம் கூடினாலும் குத்தும்.

செங்கல் எஞ்சுகிறது. ஓரம் செம்மண் நிறமாகக் கரைகிறது, வெள்ளை விளக்கிலும் செம்மை குறையவில்லை. போடும் முறை இது: செம்பழுப்பு லைனரால் ஓரக்கோட்டின் மேலேயே வரைந்து, கீழுதட்டின் ரோஜாப் பகுதியை லேசாக நிரப்பி ஒற்றவும். அதன்மேல் லிப்ஸ்டிக் ஒரு மெல்லிய பூச்சு, டிஷ்யூவால் ஒருமுறை ஒற்றல், மறுபடி ஒரு மெல்லிய பூச்சு. ஒரே கெட்டிப் பூச்சைவிட இப்படி இரண்டு மெல்லிய பூச்சு நின்று பிடிக்கும். மதியம் நடுப்பகுதி கலைந்தாலும் அடியில் இருக்கும் லைனரின் நிறமும் இதே குடும்பம்தான், கலைந்தது எடுத்துக்காட்டாது.

மேலுதடு இன்னும் கருத்தே தெரிகிறது என்றால் கூடுதல் பூச்சு போட வேண்டாம். லைனருக்கு முன் மேலுதட்டில் மட்டும் ஆழ்ந்த ஆரஞ்சு கரெக்டரை அரிசி அளவில் எடுத்து, விரலால் ஒற்றி மறையும் அளவுக்குப் பரப்புங்கள். ஆரஞ்சு அந்தக் கருமையிலுள்ள நீலச் சாயலை அடக்கும். வெளிர் பீச் கரெக்டர் இங்கே உதவாது, மீண்டும் வெள்ளைதான் வந்து சேரும்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவை

வெளிர்ந்த நியூட் வீட்டில் கிடந்தால் அதைத் தனியாகப் போடாமல், சாக்லேட் லைனரால் உதட்டின் வெளி மூன்றில் ஒரு பங்கை நிரப்பி உள்நோக்கிக் கரைத்து, நடுவில் மட்டும் நியூட்டை ஒற்றி, மேலே நிறமற்ற கிளாஸ் ஒரு துளி வைத்துப் பாருங்கள். லைனரும் நியூட்டும் மூன்று, நான்கு படி விலகியிருந்தால் எவ்வளவு கரைத்தாலும் வளையம் தெரியும். அப்போது லிப் பிரஷ்ஷால் நியூட்டையும் அடர் பழுப்பு லிப்ஸ்டிக்கையும் சரிபாதி குழைத்துப் போடுவதே வழி. குத்தும் ஷேடுக்கு மருந்து பழுப்பு லைனரை அடியில் நிரப்புவது. வெளிறும் பழுப்புக்கு மருந்து, மேலே ஒரு விரல் ஒற்று சிவப்பு. புழுதி ஊதாவுக்கு மேலே ஒயின் நிற கிளாஸ் போட்டால் பாதி மீளும்.

பேபி பிங்க் மட்டும் எதற்கும் மசியாது. அடர் ஷேடோடு குழைத்தால் அதையும் சாம்பலாக்கும். கன்னத்துக்கு பிளஷாகப் போடலாமா என்று யோசித்தால், அங்கேயும் அடியில் இருப்பது அதே அடர் பழுப்புதான்.